பில்லில் 59,000, கார்டில் 60,180: கார்டுக் கட்டணத்தை வாடிக்கையாளர் மீது ஏற்றிய ஒரு கடையின் கணக்கு

கோயம்புத்தூரில் நான் ஜிஎஸ்டி கணக்கு பார்த்துக் கொடுக்கும் ஒரு கணினிக் கடைக்கு, அங்கே மடிக்கணினி வாங்கியிருந்த ஒரு சிறு நிறுவனத்தின் கணக்காளர் கடிதம் எழுதியிருந்தார். கடை கொடுத்த பில் ரூ.59,000. நிறுவனத்தின் கிரெடிட் கார்டு அறிக்கையிலோ அதே நாளில், அதே கடையின் பெயரில், ரூ.60,180 கழிந்திருந்தது. இடையிலுள்ள ரூ.1,180-க்குக் கடை ஒரு துண்டுச் சீட்டில் 'கார்டு சார்ஜ் 2%' என்று எழுதிக் கொடுத்திருந்தது. அந்தச் சீட்டில் ஜிஎஸ்டி எண் இல்லை, வரி இல்லை, வரிசை எண்ணும் இல்லை. "இதை நாங்கள் எந்தக் கணக்கில் எழுதுவது? இதற்கு உள்ளீட்டு வரி வரவு உண்டா?" என்பதுதான் கணக்காளரின் கேள்வி. வாங்கும்போது கொடுத்த ஜிஎஸ்டியைத் தாம் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்வதே இந்த வரவு.

கடை உரிமையாளர் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "அந்த ரெண்டு பர்சென்ட் நம்ம காசே இல்லீங்க சார். பேங்க் எடுத்துக்கிறது. நம்ம கை வழியா போகுது, அவ்வளவுதானுங்க" என்றார். அவர் எதையும் மறைக்க நினைத்தவர் அல்லர். வங்கி தம்மிடம் பிடிப்பதைத் தாம் வாடிக்கையாளரிடம் வாங்கிச் சரிக்கட்டுவதாகவே உண்மையில் நம்பினார். இந்த நம்பிக்கை சட்டப்படியும் தவறு, கூட்டல் கழித்தல்படியும் தவறு. எண்களை வாசிக்க எளிதாகச் சற்று முழுமையாக்கி, அந்தக் கணக்கை இங்கே எழுதுகிறேன்.

முதலில் பில். மடிக்கணினியின் வரிக்கு முந்தைய விலை ரூ.50,000. அதன் மீது 18% ஜிஎஸ்டி ரூ.9,000. மொத்தம் ரூ.59,000. வாடிக்கையாளர் கார்டை நீட்டியதும், கல்லாவில் இருந்தவர் 59,000-க்கு 2% போட்டு ரூ.1,180 சேர்த்து, இயந்திரத்தில் ரூ.60,180 என்று அடித்தார். பில் போடும் மென்பொருளுக்கு இந்த 1,180 பற்றி எதுவும் தெரியாது, ஏனென்றால் பில் ஏற்கெனவே அச்சாகிவிட்டது.

இந்த 1,180 ரூபாய் யாருடையது என்பதுதான் முதல் கேள்வி. மத்திய ஜிஎஸ்டி சட்டம், 2017-இன் 15-ஆம் பிரிவு, ஒரு வழங்கலின், அதாவது விற்பனையின், வரிக்குரிய மதிப்பில் எவையெல்லாம் சேரும் என்று சொல்கிறது. அதன் (2)(சி) உட்பிரிவின்படி, கமிஷன், பேக்கிங் உள்ளிட்ட இடைச்செலவுகளாக விற்பவர் வாங்குபவரிடம் வசூலிக்கும் தொகையும், பொருளை ஒப்படைக்கும் நேரத்திலோ அதற்கு முன்போ அந்த வழங்கல் தொடர்பாக விற்பவர் செய்யும் எதற்காகவும் வசூலிக்கும் தொகையும் பொருளின் மதிப்போடு சேரும். கார்டில் பணம் பெற்றுக்கொள்வதற்காக வாங்கும் கூடுதல் கட்டணம் இந்த வரையறைக்குள் அப்படியே விழுகிறது. ஆகவே அது தனியான ஒரு சேவை அல்ல; மடிக்கணினி விலையின் ஒரு பகுதி. மடிக்கணினிக்கு என்ன வரி விகிதமோ அதுவே இதற்கும் விகிதம். இதே கடை 5% வரியுள்ள பொருளை விற்றிருந்தால், கூடுதல் கட்டணத்திற்கும் 5% மட்டுமே. 'வங்கிச் சேவைக்கு 18% தானே' என்று எண்ணி எல்லாப் பொருளுக்கும் இந்த வரியை 18% என்று பில்லில் தனியாகக் காட்டுபவர்களையும் பார்த்திருக்கிறேன். அப்படிக் கூடுதலாக வசூலித்த வரியை அரசுக்கே கட்டியாக வேண்டும், கடைக்காரர் வைத்துக்கொள்ள முடியாது.

'நம் கை வழியாகப் போகிறது' என்ற வாதத்திற்குச் சட்டத்தில் ஒரு பெயர் உண்டு. அது தூய முகவர் என்ற நிலை. ஜிஎஸ்டி விதிகளில் 33-ஆம் விதி. வாடிக்கையாளர் வாங்கிய ஒரு சேவைக்கு, அவர் சார்பாக, அவருடைய ஒப்புதலோடு, விற்பவர் மூன்றாம் நபருக்குப் பணம் கட்டி, கட்டிய அதே தொகையைப் பில்லில் தனியாகக் காட்டி வாங்கிக்கொண்டால், அந்தத் தொகை மதிப்பில் சேராது. நிறுவனப் பதிவுக்கான அரசுக் கட்டணத்தை வாடிக்கையாளருக்காகக் கட்டிவிட்டு அதை மட்டும் திரும்பப் பெறும் ஆலோசகர் இதற்குச் சரியான உதாரணம், ஏனென்றால் அந்தக் கட்டணத்தைச் செலுத்த வேண்டியவர் வாடிக்கையாளர்தான். கார்டு விஷயத்தில் இது பொருந்தாது. இயந்திரம் கொடுத்த வங்கி எம்டிஆர் என்று பிடிக்கும் கட்டணம், வங்கி கடைக்குச் செய்த சேவைக்கானது. ஒப்பந்தம் கடைக்கும் வங்கிக்கும் இடையில் இருக்கிறது. வங்கியின் வரி விலைப்பட்டியல் கடையின் பெயருக்கு வருகிறது. அதிலுள்ள வரிக்கு வரவு எடுக்கும் உரிமையும் கடைக்குத்தான். அந்த உரிமையை வைத்துக்கொண்டே 'இது வாடிக்கையாளரின் செலவு' என்று சொல்ல இயலாது. உரிமையாளரிடம் வங்கியின் மாதாந்திர விலைப்பட்டியலை எடுத்து, மேலே பெறுநர் என்ற இடத்தில் அவருடைய கடையின் பெயர் இருப்பதைக் காட்டினேன். அதன் பிறகு அவர் அந்த வாதத்தை எழுப்பவில்லை.

இதற்கு நேர் எதிரான நிலையும் உண்டு என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். பெட்ரோல் பங்கில் கார்டு தேய்த்தால் எரிபொருள் கூடுதல் கட்டணம் என்று ஒன்று வரும். அதை வசூலிப்பது கார்டு கொடுத்த வங்கி. அதன் மீதான 18% ஜிஎஸ்டியோடு அது கார்டு அறிக்கையில்தான் தெரியும், பங்கின் பில்லில் அல்ல. யார் வசூலிக்கிறாரோ அவருடைய விலைப்பட்டியலில் அது ஏறுகிறது. நம் கடையில் வசூலித்தது கடை, ஆகவே அது கடையின் பில்லில்தான் ஏற வேண்டும்.

இனி கூட்டல் கழித்தல். வங்கி எம்டிஆரை ரூ.50,000 மீது கணக்கிடுவதில்லை, ரூ.59,000 மீதும் கணக்கிடுவதில்லை. இயந்திரத்தில் அடித்த முழுத் தொகையான ரூ.60,180 மீது கணக்கிடுகிறது. அதாவது அரசுக்குப் போக வேண்டிய ஜிஎஸ்டி மீதும், கூடுதல் கட்டணத்தின் மீதுமே கூட எம்டிஆர் உண்டு. இந்தக் கடையின் ஒப்பந்தத்தில் கிரெடிட் கார்டுக்கு விகிதம் 2%. ஆகவே எம்டிஆர் ரூ.1,203.60. அதன் மீது 18% ஜிஎஸ்டி ரூ.216.65. இரண்டையும் கழித்து மறுநாள் கடையின் கணக்கில் வந்து சேர்ந்தது ரூ.58,759.75. (ஒரு பரிவர்த்தனை ரூ.2,000-க்குள் இருந்தால் இந்தச் சேவைக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. இங்கே தொகை பெரியது.)

வசூலித்த ரூ.1,180-க்குள் வரி அடங்கியிருப்பதாகவே கொள்ள வேண்டும். 118-இல் 18 பங்கு என்று பிரித்தால், மதிப்பு ரூ.1,000, வரி ரூ.180. ஆக, கடை அரசுக்குக் கட்ட வேண்டியது 9,000-உம் 180-உம் சேர்ந்து ரூ.9,180, அதில் வங்கி பிடித்த ஜிஎஸ்டியான ரூ.216.65-ஐ வரவாகக் கழித்துக்கொள்ளலாம். எல்லாம் முடிந்தபின் கடையின் கையில் நிற்பது ரூ.49,796.40. வாடிக்கையாளரிடம் 2% வாங்கியும், கடைக்கு ஐம்பதாயிரம் வரவில்லை, ரூ.203.60 குறைகிறது. வாங்கியதில் கடைக்கு நின்றது 1,000, வங்கி எடுத்தது 1,203.60, அந்த இடைவெளிதான் இது. 'சரிக்குச் சரி' என்று உரிமையாளர் நம்பியது, 180 ரூபாய் வரியைக் கட்டாமல் இருந்ததால் மட்டுமே ஓரளவு சரியாகத் தெரிந்தது.

முழுவதும் ஈடாக வேண்டுமானால் எவ்வளவு ஏற்ற வேண்டும் என்று அவர் கேட்டார். கணக்கு இதுதான். P என்பது வரிக்கு முந்தைய விலை, t வரி விகிதம், m எம்டிஆர் விகிதம், s ஏற்ற வேண்டிய தொகை.

```
s = P × m(1+t) / (1 − m(1+t))
  = 50,000 × 0.0236 / 0.9764
  = 1,208.52
```

பில்லில் மதிப்பு ரூ.51,208.52, வரி ரூ.9,217.53, மொத்தம் ரூ.60,426.05 என்று வரும். அதன் 2% சரியாக ரூ.1,208.52. இங்கே கூடுதல் கட்டணத்தின் மீது கடை வசூலிக்கும் வரியும், வங்கி பிடிக்கும் வரியும் ஒரே ரூ.217.53, வரி விகிதம் இரண்டு பக்கமும் 18% என்பதால் ஒன்றை ஒன்று அடித்துக்கொள்கிறது. நகைக் கடையில் இப்படி அமையாது. நகைக்கு 3%தான் என்பதால், கூடுதல் கட்டணத்தின் மீது வசூலாகும் வரி சிறிதாகவும், வங்கியிடமிருந்து வரும் வரவு பெரிதாகவும் இருக்கும். மீதி வரவு மற்ற விற்பனையின் வரியில் கழியும். விற்றுமுதலில் ஒரு சிறு விகிதத்தை வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் உள்ள கடைக்கோ வரவே கிடையாது. வங்கி பிடிக்கும் ஜிஎஸ்டியும் அவருக்குச் செலவுதான். அவர் வாங்கும் கூடுதல் கட்டணம் விற்றுமுதலில் சேர்ந்து அதற்கும் அவர் தம் விகிதப்படி வரி கட்ட வேண்டும்.

ஆனால் இந்தக் கணக்கையெல்லாம் போடுவதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருந்தது: வாங்கலாமா? இந்தக் கடை டெபிட் கார்டு, கிரெடிட் கார்டு என்று பார்க்காமல் எல்லாவற்றுக்கும் 2% வாங்கியிருந்தது. டெபிட் கார்டுக்கு இது கூடாது என்பதில் எந்த ஐயமும் இல்லை. டெபிட் கார்டில் செலுத்துபவரிடம் கடைகள் சதவீதக் கட்டணம் வாங்குவது ஏற்கத்தக்கதல்ல என்றும், அத்தகைய கடையோடு வங்கி உறவை முறித்துக்கொள்ள வேண்டியது என்றும் ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே சொல்லிவிட்டது. டெபிட் கார்டு எம்டிஆருக்கு உச்சவரம்பு வைத்த 2017 டிசம்பர் சுற்றறிக்கையும், கடைகள் அதை வாடிக்கையாளர் மீது ஏற்றாமல் வங்கிகள் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று திரும்பவும் சொன்னது. அந்த உச்சவரம்பு, ஆண்டு விற்றுமுதல் 20 லட்சத்திற்கு மேற்பட்ட கடைக்கு 0.90%, அதுவும் ஒரு பரிவர்த்தனைக்கு ரூ.1,000-க்கு மிகாமல். ரூபே டெபிட் கார்டுக்கும் யுபிஐக்கும் 2020 ஜனவரி முதல் எம்டிஆரே இல்லை. அப்படியிருக்க, ரூபே டெபிட் கார்டைத் தேய்த்தவரிடம் 2% வாங்கியது, வங்கி பிடிக்காத ஒன்றை வங்கியின் பெயரைச் சொல்லி வாங்கியதாகிறது. உரிமையாளர் இதைக் கேட்டபோது உண்மையிலேயே வருந்தினார்.

கிரெடிட் கார்டுக்கு எம்டிஆர் உச்சவரம்பு இல்லை. கடையும் வங்கியும் செய்துகொண்ட ஒப்பந்தமே இங்கே பேசும். இந்தக் கடையின் ஒப்பந்தத்தில், இயந்திரம் வாங்கும்போது யாரும் படிக்காமல் கையெழுத்திட்ட பக்கங்களில், கார்டில் செலுத்துபவரிடம் பில் தொகைக்கு மேல் எதுவும் வாங்கக் கூடாது என்ற நிபந்தனை தெளிவாக இருந்தது. வாடிக்கையாளர் ஒருவர் தம் வங்கியில் புகார் செய்தால், வித்தியாசத் தொகையைத் திருப்பி எடுக்கவும், இயந்திரத்தையே பறிக்கவும் வங்கிக்கு வழி உண்டு. தமிழ்நாட்டில் கல்லாவுக்குப் பின்னால் 'கார்டுக்கு 2% கூடுதல்' என்று அட்டை தொங்கவிட்டிருக்கும் எவரும் முதலில் இந்த ஒப்பந்தத்தைத்தான் எடுத்துப் படிக்க வேண்டும்.

இங்கே பலர் குழம்பும் ஓர் இடம் இருக்கிறது. வாங்கக் கூடாத தொகை என்பதால் அதற்கு வரி இல்லை என்று ஆகிவிடாது. வாங்கியதற்கு அனுமதி உண்டா என்பது ஒரு கேள்வி. வாங்கியது மதிப்பில் சேருமா என்பது வேறு கேள்வி. வாங்கி வைத்திருக்கும் வரை வரி உண்டு.

பழையதைச் சரிசெய்ய, ஆறு மாதத்துக் கார்டுச் சீட்டுகளை எடுத்து உட்கார்ந்தோம். இயந்திரம் தரும் சீட்டில் கார்டு எந்த வகை என்று அச்சாகியிருக்கும். வங்கியின் தினசரி செட்டில்மென்ட் அறிக்கையிலும் மொத்தத் தொகை, எம்டிஆர், ஜிஎஸ்டி, நிகரத் தொகை என்று தனித்தனிப் பத்திகள் இருக்கும். அந்த மொத்தத் தொகையைப் பில் தொகையோடு ஒட்டிப் பார்த்ததும், ஒவ்வொரு வரியிலும் 2% வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. ஜிஎஸ்டி அதிகாரி வங்கித் தரவைக் கேட்டு வாங்கினால் அவருக்குத் தெரியப்போவதும் இதுவேதான். கடை இதுவரை கணக்கில் எழுதியிருந்தது நிகரத் தொகையை மட்டும். எம்டிஆரையும் கூடுதல் கட்டணத்தையும் எங்கேயும் எழுதாமல், மீந்ததைச் 'சில்லறை வித்தியாசம்' என்று தள்ளியிருந்தார்கள். வாங்கியது முழுவதும் வருமானமாகவும், வங்கி பிடித்தது முழுவதும் செலவாகவும் தனித்தனியே ஏற வேண்டும். அப்போதுதான் வருமான வரிக் கணக்கும் ஜிஎஸ்டி கணக்கும் ஒரே விற்றுமுதலைக் காட்டும்.

ஆறு மாதத்தில் வசூலித்திருந்த கூடுதல் கட்டணம் மொத்தம் ரூ.41,300. அதில் ரூ.11,800 டெபிட் கார்டுகளில் வாங்கியது. தொலைபேசி எண் இருந்த வாடிக்கையாளர்களைக் கூப்பிட்டு, அந்தப் பணத்தை யுபிஐயில் திருப்பி அனுப்பி, ரசீதுகளைக் கோப்பில் வைத்தோம். திருப்ப முடியாமல் நின்றதை மதிப்பாகவே எடுத்து வரி கணக்கிட்டோம். கிரெடிட் கார்டில் வாங்கிய ரூ.29,500-ஐப் பிரித்தால் மதிப்பு ரூ.25,000, வரி ரூ.4,500. ஜிஎஸ்டி எண் உள்ள வாடிக்கையாளர்களுக்கு 34-ஆம் பிரிவின்படி, விடுபட்ட மதிப்பையும் வரியையும் மூல பில்லோடு சேர்க்கும் டெபிட் நோட் போட்டோம். கடிதம் எழுதிய நிறுவனத்திற்குப் போன டெபிட் நோட்டில் மூல பில்லின் எண்ணும் தேதியும், மதிப்பு ரூ.1,000, மத்திய வரி ரூ.90, மாநில வரி ரூ.90 என்றும் இருந்தன. விற்பவர்கள் தாக்கல் செய்த பில்களை வாங்கியவருக்குக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-2பி அறிக்கையில் அது தெரிந்ததும் அவர்களுக்கு 180 ரூபாய் வரவு கிடைத்தது. துண்டுச் சீட்டுக்கு அது ஒருபோதும் கிடைத்திருக்காது. சாதாரண வாடிக்கையாளர்கள் தொடர்பான வரியை, உரிய மாதத்திலிருந்து ஆண்டுக்கு 18% வட்டியோடு, டிஆர்சி-03 படிவத்தில் கடை தானாகவே கட்டியது.

இந்த வேலையின் நடுவே இன்னொரு ஓட்டையும் அகப்பட்டது. வங்கி பிடித்த ஜிஎஸ்டிக்கான வரவைத் தேடி, கடையின் ஜிஎஸ்டிஆர்-2பியைத் திறந்தால், அந்த வங்கியின் பெயரே அதில் இல்லை. இயந்திரம் வாங்கிய விண்ணப்பத்தில் ஜிஎஸ்டி எண் எழுதும் கட்டம் காலியாக விடப்பட்டிருந்தது. வங்கி கடையைப் பதிவில்லாத ஒருவராகவே வைத்து, ஒவ்வொரு மாதமும் வரியைப் பிடித்துக்கொண்டிருந்தது. மடிக்கணினிக்கு 216.65 என்று நான் மேலே கழித்துக் காட்டிய வரவு, அதுவரை இந்தக் கடைக்கு ஒரு ரூபாய்கூட வந்திருக்கவில்லை. இயந்திரம் வைத்திருப்பவர் யாரானாலும் தம் 2பியில் வங்கியின் பெயர் இருக்கிறதா என்று பார்த்தால் இது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இனி வரும் பில்களுக்கு இரண்டு வழிகளைப் பேசினோம். ஒப்பந்தம் இடம் கொடுக்கும் கடையானால், கூடுதல் கட்டணத்தை வரிக்கு முன்னால், மதிப்புக்குள் ஏற்ற வேண்டும். டேலியில் அதற்கான லெட்ஜரில் `Appropriate to` என்ற இடத்தில் `Goods` என்றும், `Method of calculation` என்ற இடத்தில் `Based on Value` என்றும் வைத்தால், தொகை பொருள்களின் மதிப்பில் பங்கிடப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் உரிய விகிதத்தில் வரி விழும். இதைச் செய்யாமல் வெறும் வருமான லெட்ஜராகச் சேர்த்தால், தொகை வரிக்குக் கீழே போய் நிற்கும். இ-இன்வாய்ஸ் போடும் நிறுவனங்களில் இதே தவறு `OthChrg` என்ற புலத்தில் நடக்கிறது. அங்கே எழுதுவது வரியெல்லாம் கணக்கிட்டு முடிந்தபின் மொத்தத்தில் மட்டும் கூடும்.

நம் கடையின் ஒப்பந்தம் இடம் கொடுக்காததால் மற்ற வழியை எடுத்தோம். மடிக்கணினியின் விலையே இனி ரூ.51,000, விலைச் சீட்டிலும் அதுவே. யுபிஐயிலோ வங்கிப் பரிமாற்றத்திலோ செலுத்துபவருக்கு ரூ.1,000 தள்ளுபடி. விற்கும் நேரத்திலேயே பில்லில் காட்டப்படும் தள்ளுபடி, 15(3) உட்பிரிவின்படி மதிப்பிலிருந்து கழியும். ஆகவே அவருடைய பில் 51,000, கழிவு 1,000, மதிப்பு 50,000, வரி 9,000, மொத்தம் 59,000 என்று வரும். தள்ளுபடியைப் பில்லில் எழுதாமல் கையில் கொடுத்தால் இந்தக் கழிவு கிடையாது. டெபிட் கார்டுக்கும் அதே தள்ளுபடியைக் கொடுக்கும்படி சொன்னேன். அவர்களுக்கு மட்டும் மறுத்தால், தடைசெய்த கட்டணமே வேறு பெயரில் திரும்பி வந்ததாக ஒருவர் புகார் எழுத இடம் இருக்கிறது, அதில் நியாயமும் இருக்கிறது. ரொக்கத்திற்கும் தள்ளுபடி உண்டு. ஆனால் ஒரே பில்லுக்கு இரண்டு லட்சம் ரூபாயை ரொக்கமாக வாங்க முடியாது என்ற வருமான வரி வரம்பைக் கல்லாவில் இருப்பவருக்குச் சொல்லி வைத்தோம்.

கிரெடிட் கார்டில் வருபவருக்கு இப்போதும் பில் ரூ.60,180தான், 51,000 மதிப்பு, 9,180 வரி. இயந்திரத்தில் அடிப்பதும் அதே ரூ.60,180. கடைக்கு நிற்பதும் முன்போலவே ரூ.49,796.40. அந்த ரூ.203.60 குறைவை வாடிக்கையாளர் மீது மேலும் ஏற்றாமல், கார்டு வாங்கிக்கொள்வதற்கான தம் செலவாகவே உரிமையாளர் வைத்துக்கொண்டார். அடுத்த மாத ஜிஎஸ்டிஆர்-2பியில் வங்கியின் விலைப்பட்டியல் முதன்முறையாக வந்திருந்தது.